சென்சார் காட்டும் எண்ணிலிருந்து வயலின் ஈரத்துக்கு: ஓவனில் உலர்த்திய மண்ணைக் கொண்டு அளவுத்திருத்தம்

கேள்வி: என்னிடம் கொள்ளளவு வகை மண் ஈரப்பத சென்சார் ஒன்று இருக்கிறது. காற்றில் காட்டிய எண்ணை 0 என்றும் தண்ணீரில் காட்டியதை 100 என்றும் வைத்துக் கணக்கிட்டால், வயலில் எப்போதும் 40-க்கும் 75-க்கும் இடையே ஏதோ ஒரு சதவீதம் வருகிறது. மண்ணை ஓவனில் உலர்த்தி எடை பார்த்தேன், அதுவும் இதனோடு பொருந்தவில்லை. சென்சாரை எப்படிச் சரியாக அளவுத்திருத்தம் செய்வது?

பதில்:

உங்கள் கணக்கில் இரண்டு இடறல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி வேலை பொறுமையைத் தவிர வேறெதையும் கேட்காது.

முதலாவது, காற்றும் தண்ணீரும் மண்ணின் இரு எல்லைகள் அல்ல. முழுக்க நனைந்த மண்ணிலும் ஏறக்குறைய பாதி இடத்தில் திடமான துகள்கள்தான் இருக்கும். எனவே தண்ணீருக்குள் சென்சார் காட்டிய எண்ணை அந்த வயல் ஒருநாளும் எட்டப்போவதில்லை. முற்றிலும் காய்ந்த மண்ணும் காற்றும் சென்சாருக்கு ஒன்றல்ல. இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே கோடு இழுத்துக் கிடைக்கும் சதவீதம், சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க உதவுமே தவிர, மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று சொல்லாது.

இரண்டாவது, நீங்கள் ஓவனில் அளந்தது எடை வழி ஈரம். அதாவது, காய்ந்த மண்ணின் எடையில் நீரின் எடை எத்தனை பங்கு என்பது. சென்சார் எடையை அறியாது. மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் ஒப்புமை விடுதிறன், நீருக்கு ஏறக்குறைய 80, காய்ந்த கனிமத் துகள்களுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. இந்தப் பெரிய வேறுபாட்டால்தான் சென்சார் தன்னைச் சுற்றியுள்ள இடத்தில் நீர் எவ்வளவு என்பதை உணர்கிறது. ஆகவே அது கண்டுகொள்வது, ஒரு கன சென்டிமீட்டர் மண்ணில் எத்தனை கன சென்டிமீட்டர் நீர் என்ற கன அளவு ஈரத்தை. அதனோடு ஒப்பிட வேண்டுமானால் ஓவனிலிருந்து வரும் விடையும் கன அளவில் இருக்க வேண்டும். அதற்கு, எடுத்த மண் வயலில் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். மண்வெட்டியால் அள்ளிப் பையில் போட்ட மண்ணிலிருந்து அதை மீட்டெடுக்க வழியே இல்லை.

இதற்குத் தேவைப்படுவது, கூர்மையான விளிம்புள்ள ஓர் உலோக வளையம். நான் பயன்படுத்துவது உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5 செ.மீ. கொண்டது. அதன் உள்ளளவு 98.2 கன சென்டிமீட்டர். உங்கள் வளையத்தை வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள், விற்பவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கன அளவில் 4 சதவீதம் பிசகும், அந்தப் பிழை எல்லா மாதிரிகளிலும் ஒரே திசையில் இருப்பதால் பின்னர் எந்தக் கணக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஒரு மாதிரியை முழுவதுமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். இது களிமண் கலந்த வண்டல் வயல் ஒன்றில், 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் எடுத்தது. காலி டப்பா மூடியோடு 42.6 கிராம். ஈர மண்ணோடு 211.9 கிராம். ஓவனில் உலர்த்திய பின் 179.4 கிராம். வெளியேறிய நீர் 32.5 கிராம், காய்ந்த மண் 136.8 கிராம். நீரை மண்ணால் வகுத்தால் எடை வழி ஈரம் 23.8 சதவீதம். அதே நீரை வளையத்தின் கன அளவால் வகுத்தால், ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், 32.5 ÷ 98.2, அதாவது 33.1 சதவீதம். இரண்டும் ஒரே மண், ஒரே நீர்தான். இடையில் 9 சதவீதப் புள்ளி வேறுபாடு. உங்கள் ஓவன் விடை பொருந்தாமல் போனதில் இதற்குப் பெரும் பங்கு இருக்கும்.

காய்ந்த மண்ணை வளையத்தின் கன அளவால் வகுத்தால் பரும அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.39 கிராம், கிடைக்கும். இதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியே குறித்து வையுங்கள். மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே ஆழத்தில் எடுத்த மாதிரிகள் 1.36, 1.41, 1.38 என்று வந்து, நடுவே ஒன்று மட்டும் 1.22 என்று வந்தால், அந்த வளையத்துக்குள் மண் முழுதாக நிரம்பவில்லை அல்லது ஓர் ஓரம் உடைந்து விழுந்திருக்கிறது என்று பொருள். 1.55 என்று வந்தால், வளையத்தை அடித்து இறக்கும்போது மண் நசுங்கியிருக்கும், அல்லது உள்ளே ஒரு கல் இருந்திருக்கும். அத்தகைய மாதிரியைத் தயங்காமல் நீக்கிவிடுவது நல்லது. ஆனால் நீக்குவதற்கான காரணம் பரும அடர்த்தியாகவே இருக்க வேண்டும். கோட்டுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒரு புள்ளியை நீக்கத் தொடங்கினால், அளவுத்திருத்தம் நம் விருப்பத்தின் படமாகிவிடும்.

இனி சென்சாரும் வளையமும் ஒரே மண்ணைப் பார்க்கும்படி செய்வது. பலரும் வழுக்குவது இங்கேதான். சென்சாரை ஓரிடத்தில் நிரந்தரமாகப் புதைத்துவிட்டு, இரண்டடி தள்ளி மாதிரி எடுத்துக்கொண்டே போனால், சென்சாரின் பிழையோடு அந்த இரண்டடிக்குள் மண் வேறுபடும் அளவும் சேர்ந்து வரும், இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. சென்சாருக்கு மிக அருகே தோண்டினாலோ, பறித்த குழிகளின் வழியே அந்த இடம் வேகமாகக் காய்ந்து, சென்சார் வயலைப் பார்க்காமல் நம் குழியைப் பார்க்கத் தொடங்கிவிடும். எனவே அளவுத்திருத்தம் முடியும் வரை சென்சாரைப் புதைக்காமல் கையோடு கொண்டுசெல்வதே நல்லது என்பது என் தீர்மானம்.

நான் செய்வது இதுதான். ஓரிடத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, அடியை அகலமான கத்தியால் சீவி, ஒரு தட்டைப் போலச் சமமாக்குகிறேன். சீவும்போது அழுத்தித் தேய்க்காமல், மேலிருந்த தளர்ந்த மண்ணை எடுத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்சாரின் தகட்டை அந்தத் தட்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அசைக்காமல் ஒரே சீராக உள்ளே இறக்குகிறேன். தகடு உள்ளே போகும்போது பக்கவாட்டில் ஆடினால் அதன் இருபுறமும் மெல்லிய காற்று இடைவெளி உண்டாகும். இந்தச் சென்சார்கள் தம் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவையே கூர்ந்து பார்ப்பதால், அரை மில்லிமீட்டர் இடைவெளியும் மண் உண்மையில் இருப்பதைவிடக் காய்ந்திருப்பதாகக் காட்டும். இறக்கிய பின் தகட்டின் ஓரத்தில் விரலால் மண்ணை லேசாக அழுத்திப் பாருங்கள். எண் சட்டென்று ஈரத்தின் பக்கம் நகர்ந்தால் இடைவெளி இருக்கிறது என்று பொருள். சென்சாரை எடுத்து, ஒரு விரல் தள்ளிப் புதிய இடத்தில் இறக்க வேண்டும், பழைய பிளவிலேயே மீண்டும் செருகக் கூடாது.

இவ்வாறு ஒரே தட்டில் மூன்று இடங்களில் செருகி, ஒவ்வொன்றிலும் எண் நிலைத்த பின் குறித்து, மூன்றின் சராசரியை அந்தக் குழியின் எண்ணாக எடுத்துக்கொள்கிறேன். பிறகு அந்த மூன்று பிளவுகளுக்கும் நடுவே, எந்தப் பிளவும் உள்ளே அகப்படாதபடி, வளையத்தை வைக்கிறேன். அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, சாயாமல் நேராக, சிறு சிறு தட்டல்களாகத் தட்டி இறக்குகிறேன். வளையம் மட்டத்தை எட்டியதும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வளையத்துக்குள் இருக்கும் மண்ணின் மேல்மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் மண் நசுங்கிவிட்டது. அப்படி நேர்ந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். பின்னர் வளையத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் கத்தியைக் கொடுத்து முழுதாக எடுத்து, இரண்டு முகங்களையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சீவிச் சமமாக்க வேண்டும். அடிமுகத்தில் 2 மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தாலே 4 கன சென்டிமீட்டர் குறைந்துவிடும். நாம் 98.2 ஆல் வகுத்துக்கொண்டிருக்கும்போது வளையத்தில் உண்மையில் 94 தான் இருக்கும்.

அன்று வயலில் மூன்று குழிகளாவது எடுங்கள். ஒரு குழியின் மண் அந்த ஒரு சாண் இடத்துக்குத்தான் சாட்சி. மூன்றின் சராசரிதான் கோட்டில் வைக்கத்தக்க ஒரு புள்ளி.

மண்ணை வளையத்திலிருந்து டப்பாவுக்கு மாற்றியவுடன் மூடியை இறுக்கி, முடிந்தால் வயலோரத்திலேயே எடை போட்டுவிடுங்கள். ஒருமுறை நான் மாதிரிகளை வண்டியில் வைத்து, மாலையில் எடை போடலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு டப்பாக்களின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கவில்லை. வெயிலில் இரண்டு கிராம் நீர் போனாலும் அது கன அளவில் 2 சதவீதப் புள்ளி. அந்த நாளின் புள்ளிகள் மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கியபோது, முதலில் சென்சாரைத்தான் சந்தேகித்தேன். பிளாஸ்டிக் பையில் எடுத்துச்சென்றால், பையின் உட்புறத்தில் படிந்த துளிகளும் மண்ணின் நீரே என்பதால், பையோடு சேர்த்து எடை போட்டுவிட்டுப் பையின் எடையைக் கழிக்க வேண்டும்.

தராசு 0.1 கிராம் வரை காட்டினால் போதும். இந்த வளையத்தில் 0.1 கிராம் என்பது 0.1 சதவீதப் புள்ளிதான். குழிக்குக் குழி மண் மாறும் அளவு இதைப்போல் பத்து, இருபது மடங்கு இருக்கும்.

ஓவன் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் இருக்க வேண்டும், டப்பாக்களின் மூடி திறந்திருக்க வேண்டும். 24 மணி நேரம் என்பது பழக்கத்தில் வந்த அளவு. எடை மேலும் குறையாமல் நிற்கிறதா என்பதே உண்மையான அளவுகோல். ஆகவே எடுத்து எடை போட்டபின் ஒன்றிரண்டு மாதிரிகளை மறுபடி 3 மணி நேரம் வைத்துப் பாருங்கள். 136.8 கிராம் மண்ணில் 0.1 கிராமுக்கு மேல் குறைந்தால், எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். களிமண் கட்டிகளை டப்பாவில் போடும்போதே கையால் உடைத்து விட்டால் நடுவில் ஈரம் தங்காது. சமையலறை ஓவனில் செய்பவர்கள் அதன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. 130 டிகிரி வரை ஏறிவிட்டால் மட்கிய பொருள் கருகி எடை குறையும், அந்தக் குறைவும் நீர் என்றே கணக்கில் சேர்ந்துவிடும். ஜிப்சம் மிகுந்த மண்ணில் 105 டிகிரியே அதிகம், ஏனெனில் ஜிப்சத்தின் படிகத்துக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறிவிடும். அங்கே 60 டிகிரி அளவில், இன்னும் அதிக நேரம் வைத்து உலர்த்துவார்கள்.

வெளியே எடுத்ததும் மூடியைப் போட்டு ஆறவிட வேண்டும், ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிகேட்டர் இருந்தால் அதற்குள் வையுங்கள். சூடான டப்பாவைத் தராசில் வைத்தால், அதைச் சுற்றி மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். மூடாமல் ஆறவிட்டாலோ, களிமண் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, எந்தெந்த நாட்களில் எடுப்பது என்பது. ஒரே நாளில் முப்பது மாதிரிகள் எடுத்தாலும் எல்லாம் ஒரே ஈரத்தில் இருந்தால் கோடு கிடைக்காது. ஒரு பாசனத்துக்குப் பின் வயல் காய்ந்துவரும் பாதை நெடுகிலும் எடுக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சிய அன்றே எடுக்க முயன்றால், சேறாக இருக்கும் மண் வளையத்தில் நசுங்கும். ஒரு நாள் விட்டுத் தொடங்கி, தொடக்கத்தில் மண் வேகமாக ஈரம் இழப்பதால் நெருக்கமாகவும் பின்னர் இடைவெளி விட்டும் எடுப்பது சரியாக இருக்கும். நான் 1, 2, 4, 6, 9, 12, 16, 21 ஆகிய நாட்களில் எடுத்தேன். நடுவில் மழை வந்தால் குறை இல்லை. நாட்களின் வரிசை இங்கே பொருட்டல்ல, ஈரத்தின் பரவல்தான் பொருட்டு. கடைசியில் மண் கெட்டியாகி, வளையத்தை இறக்கும்போது உதிரத் தொடங்கும். அப்போது வலிந்து எடுப்பதைவிட, அளவுத்திருத்தத்தின் காய்ந்த எல்லை அதுவே என்று ஒப்புக்கொள்வது மேல்.

சென்சாரின் எண் வெப்பநிலையாலும் மின்னழுத்தத்தாலும் நகரும் என்பதால், ஒவ்வொரு முறையும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்தேன். பின்னர் வயலில் பொருத்தப்போகும் அதே டேட்டா லாகர், அதே நீளக் கம்பி, அதே மின்வழங்கி ஆகியவற்றையே அளவுத்திருத்தத்திலும் பயன்படுத்த வேண்டும். மேசையில் யூ.எஸ்.பி. வழியே ஓடிய சென்சார், வயலில் இறங்கிக்கொண்டிருக்கும் பேட்டரியில் வேறோர் எண்ணைக் காட்டக்கூடும். தகட்டின் மேற்புற மின்பாகங்களுக்கு நீர் புகாத பூச்சு கொடுப்பதாக இருந்தால், அதையும் முதலிலேயே செய்துவிடுங்கள். பூச்சு தகட்டின் மேல் வழிந்தால் எண் மாறும்.

எட்டு நாட்களில், நாளுக்கு மூன்று குழிகளின் சராசரியாகக் கிடைத்தவை இவை. ஈரம் ஏற ஏற எண் குறைவது இவ்வகைச் சென்சாரின் இயல்பு.

| நாள் | சென்சார் எண் | கன அளவு ஈரம் (%) |
|---|---|---|
| 1 | 328 | 38.9 |
| 2 | 337 | 39.2 |
| 4 | 351 | 34.7 |
| 6 | 362 | 29.4 |
| 9 | 377 | 25.9 |
| 12 | 391 | 24.5 |
| 16 | 404 | 18.4 |
| 21 | 418 | 15.8 |

இவற்றை விரிதாளில் இரண்டாம் வரியிலிருந்து, எண்கள் A நிரலிலும் ஈரம் B நிரலிலும் வரும்படி இட்டால், மூன்று கட்டளைகள் போதும்:

```
=SLOPE(B2:B9, A2:A9)
=INTERCEPT(B2:B9, A2:A9)
=STEYX(B2:B9, A2:A9)
```

முதலில் வருவது கண்டுபிடிக்க வேண்டியது, அதாவது ஈரம், இரண்டாவது சென்சார் எண். இந்த வரிசையை மாற்றிவிட்டால் கிடைப்பது வேறொரு கோடு, அதைப் பின்னர் திருப்பிப் போட்டாலும் இதே கோடு வராது. மேலே உள்ள எண்களுக்குக் கிடைத்த சமன்பாடு, சற்று முழுமையாக்கி எழுதினால்:

```
ஈரம் (%) = 129.6 − 0.273 × எண்
```

STEYX தந்தது 1.3. கோட்டிலிருந்து புள்ளிகள் பொதுவாக இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று இதைப் படிக்கலாம். வேர் பரவிய 30 செ.மீ. ஆழம் முழுவதும் இதே பிழை இருப்பதாகக் கொண்டால், அது 4 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். பாசன முடிவுக்கு இது தாராளமாகப் போதும். 3 அல்லது 4 என்று வந்தால், நான் சென்சாரைக் குறை சொல்லும் முன்பு பரும அடர்த்திப் பட்டியலுக்குத் திரும்பிப் போவேன்.

பலரும் பெருமையோடு காட்டும் ஆர்-ஸ்கொயர் எண்ணை நான் கேட்காமலே விட்டுவிட்டேன். நனைந்த நாள் ஒன்று, காய்ந்த நாள் ஒன்று என்று இரண்டு கொத்துகளாக மட்டும் மாதிரி எடுத்தால், அது பெரும்பாலும் 0.95-க்கு மேல் அழகாக வந்து நிற்கும். நடுவில் கோடு வளைகிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு, ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலா, கீழா என்று கண்ணால் பார்க்க வேண்டும். என் எட்டில் விலகல்கள் −1.2, +1.6, +0.9, −1.4, −0.8, +1.6, −0.9, +0.3 என்று கலந்து கிடந்தன. இரண்டு முனைகளிலும் மேலே, நடுவில் எல்லாம் கீழே என்று ஒழுங்காக அமைந்திருந்தால், நேர்கோடு போதாது, இருபடிச் சமன்பாடு தேவை என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது உங்கள் முதல் கணக்கோடு ஒப்பிடுங்கள். என் சென்சார் காற்றில் 517, தண்ணீரில் 265 காட்டுகிறது. காற்று-தண்ணீர் வழியில் 371 என்ற எண்ணுக்கு 58 சதவீதம் வரும். அளவுத்திருத்தக் கோட்டில் அதே எண்ணுக்கு வருவது 28 சதவீதம். எது பொய் என்பதை ஓவன் இல்லாமலேயே அறியலாம். பரும அடர்த்தி 1.39, துகள்களின் அடர்த்தி வழக்கமாகக் கொள்ளும் 2.65 என்றால், மண்ணின் துளையிடம் மொத்தமே 1 − 1.39 ÷ 2.65, அதாவது 47.5 சதவீதம். நீர் தங்கக்கூடிய இடமே அவ்வளவுதான் இருக்கும்போது 58 சதவீதம் நீர் இருக்க வாய்ப்பில்லை. உங்கள் 75-க்கும் இதே கதிதான். எந்தச் சமன்பாட்டை யார் கொடுத்தாலும் இந்த ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள்.

இந்தக் கோட்டுக்கு எல்லைகள் உண்டு. இது 328-க்கும் 418-க்கும் இடையே மட்டும் கண்டறியப்பட்டது. கோட்டை நீட்டினால் 475-இல் ஈரம் பூச்சியமாகிவிடும், அதற்கு மேல் எதிர்மறையாகும். அந்தப் பகுதியில் அதற்குப் பொருள் இல்லை. ஆழம் மாறி, மண்ணின் தன்மையும் மாறினால், உதாரணமாக 40 செ.மீ.யில் களி கூடிய அடுக்கு இருந்தால், அங்கே தனியே மாதிரி எடுக்க வேண்டும். 1980-இல் டாப்பும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பொதுச் சமன்பாடு பல கனிம மண்களுக்குப் பொருந்துவதால், மண்ணுக்கென்று தனித் திருத்தம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது உயர் அதிர்வெண்ணில் இயங்கும், விடுதிறனையே நேராக அளக்கும் கருவிகளை வைத்து உருவானது. விலை குறைந்த கொள்ளளவு சென்சார்கள் மிகவும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், களிமண்ணும் உப்பும் அவற்றின் எண்ணை வெகுவாக இழுக்கும். சொட்டுநீரோடு உரம் கொடுத்த மறுநாள், நீரின் அளவு மாறாமலேயே மண் ஈரமானதாகச் சென்சார் காட்டினால் அது உப்பின் வேலை. அந்த நாட்களின் எண்ணைப் பாசன முடிவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ந்தால் வெடிக்கும் கரிசல் போன்ற மண்ணில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஈரத்தோடு அதன் பரும அடர்த்தியே மாறுகிறது. ஒருநாள் அளந்த அடர்த்தியை எல்லா நாட்களின் எடை வழி ஈரத்தோடும் பெருக்கிக் கன அளவு ஈரத்தைக் கணக்கிட்டால், கோட்டின் சரிவே தவறாகிவிடும். ஒவ்வொரு மாதிரியையும் வளையத்தில் எடுத்து, நீரை நேரே வளையத்தின் கன அளவால் வகுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தகட்டை ஒட்டி வெடிப்பு திறந்துவிட்டால் எந்தச் சமன்பாடும் உதவாது. எண் ஓரிரு நாட்களில் அளவுக்கு மீறிக் காய்ந்த பக்கம் பாய்வதே அதன் அடையாளம்.

ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு சென்சார்களும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் வயலில் இவ்வளவு உழைக்க முடியாது என்றால், ஒன்றை மேற்சொன்னபடி முழுமையாகத் திருத்துங்கள். மற்றவற்றை அதனோடு சேர்த்து, ஒரு வாளியில் ஒரே சீராக ஈரமாக்கி அழுத்திய அதே வயல் மண்ணில், இரண்டு ஈர நிலைகளில் செருகிப் பாருங்கள். முதல் சென்சாரைவிட ஒன்று இரண்டு நிலைகளிலும் ஒரே அளவு, உதாரணமாக 7 எண், கூடுதலாகக் காட்டினால், அந்த 7-ஐக் கழித்துவிட்டு அதே சமன்பாட்டைப் பயன்படுத்தலாம். இரண்டு நிலைகளிலும் வேறுபாடு ஒன்றாக இல்லை என்றால், அந்தச் சென்சாருக்குத் தனித் திருத்தம் தேவை.

கோடு கிடைத்த பிறகு சென்சாரை அதே ஆழத்தில், அதே செங்குத்து நிலையில் புதைத்து, தோண்டிய மண்ணை அடுக்கு அடுக்காக முன்பிருந்த இறுக்கத்துக்கு அழுத்தி மூடுங்கள். ஒரு பாசனம் கடந்து மண் படிந்த பின், சென்சாரிலிருந்து இரண்டு முழம் தள்ளி மூன்று வளையங்கள் எடுத்து, ஓவன் விடையைச் சமன்பாட்டின் விடையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு 2.6-க்குள், அதாவது STEYX-இன் இரு மடங்குக்குள் இருந்தால் விட்டுவிடலாம். சில நாட்கள் கழித்துக் காய்ந்த நிலையில் மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே திசையில் விலகியிருந்தால், சரிவை அப்படியே வைத்துக்கொண்டு 129.6 என்ற எண்ணை மட்டும் அந்த அளவுக்கு நகர்த்தலாம். ஒருமுறை மேலும் மறுமுறை கீழுமாக விலகினால், பெரும்பாலும் தகட்டை ஒட்டிக் காற்று இடைவெளி விழுந்திருக்கும், சென்சாரைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைப்பதே வழி. உழுத பிறகு பரும அடர்த்தி மாறிவிடுவதால், ஒவ்வொரு உழவுக்குப் பின்னும் இந்த இரண்டு ஒப்பீடுகளையும் திரும்பச் செய்ய வேண்டும்.